தோளில் தொங்குவதா, இடுப்பில் நிற்பதா?

சுடிதார்க் கடையில் குர்திகளைப் புரட்டினால், தொங்கும் அட்டையில் விலைக்கு மேலே ‘ஏ லைன்’ என்று அச்சிட்டிருக்கும். பக்கத்து அடுக்கில் ‘ஸ்ட்ரெயிட் கட்’. விற்கிற பெண்ணிடம் வித்தியாசம் கேட்டால், “ஏ லைன்னா கீழ விரிஞ்சு வரும்க்கா, ஸ்ட்ரெயிட்னா அப்படியே நேரா இறங்கும்” என்பார். சரியான விளக்கம்தான். அந்த ‘ஏ’ தரத்தையோ வரிசையையோ குறிப்பதல்ல. அது ஒரு படம். ஆங்கில எழுத்தின் கூம்பிய தலை தோள், விரிந்த இரண்டு கால்கள் உடையின் கீழ்ப்பகுதி. எச், எக்ஸ், ஒய், ஓ என்று இன்னும் சில எழுத்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. உடையின் நிறம், பூவேலை, கழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போல வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் எந்த எழுத்து தெரிகிறது என்பதே கேள்வி.

எழுத்தால் உடையைச் சொல்லும் வழக்கத்தைப் பத்திரிகைகள் வரை கொண்டுபோனவர் பாரிசின் கிறிஸ்தியான் தியோர். ஆண்டுக்கு இரண்டு முறை அவர் புதிய தொகுப்பைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பார். முதல் தொகுப்பில் இருந்த ஒரு வடிவத்துக்கு ‘எட்டு’ என்று எண்ணையே பெயராக வைத்தார். பிறகு துலிப் பூ, முட்டை வடிவம் என்று பெயர்கள் மாறின. 1954 இலையுதிர்காலத்தில் எச், 1955 வசந்தத்தில் ஏ, அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒய் என்று அடுத்தடுத்து மூன்று எழுத்துகள் வந்தன. எட்டாத தூரத்தில் இருக்கும் வாசகருக்கும் படமே இல்லாமல் புது உடையின் வடிவத்தைச் சொல்லிவிட இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. தியோர் நல்ல தையல் கலைஞர் மட்டுமல்ல, நல்ல வியாபாரியும்கூட என்பது இந்தப் பெயர்களில் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955இல் தியோர் காட்டிய ‘ஏ’ இன்று கடையில் தொங்கும் ‘ஏ லைன்’ அல்ல. அவருடையது பெரும்பாலும் இரண்டு துண்டு உடை. குறுகிய தோளிலிருந்து சற்றே விரிந்து வரும் நீளமான ஜாக்கெட். அதன் கீழிருந்து மடிப்பு வைத்து அகலும் பாவாடை. எழுத்தின் நடுவிலுள்ள குறுக்குக்கோடு இடுப்பைக் குறிக்கும். அதை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் செய்தார். தோளில் தொடங்கி எங்கும் பிடிபடாமல் கீழ் ஓரம்வரை ஒரே வீச்சில் விரியும் உடை மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1957 அக்டோபரில் தியோர் இறந்துபோக, அவரது நிறுவனத்தின் பொறுப்பு 21 வயது இவ் சென் லோரானிடம் வந்தது. 1958 ஜனவரியில் அவர் காட்டிய முதல் தொகுப்பின் பெயர் ‘டிரப்பீஸ்’, அதாவது சரிவகம். நம் ஊர் ஏ லைன் குர்தியின் நேர்ப் பாட்டி அதுதான். தியோர் பெயரைக் கொடுத்தார், உருவத்தைச் சீடர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தை எப்படிப் படிப்பது? மூன்று அகலங்களைப் பார்த்தால் போதும்: தோள், இடுப்பு, கீழ் ஓரம். மூன்றும் ஏறக்குறைய ஒன்றானால் எச். தோள் குறுகி ஓரம் அகன்றால் ஏ. தோளும் ஓரமும் அகன்று இடுப்பு ஒடுங்கினால் எக்ஸ். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் ஒய். நடு பருத்து இரு முனைகளும் ஒடுங்கினால் ஓ. பள்ளிப் பாடம்போல இதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் தையல்காரருக்கு இது போதாது. அவர் கேட்கும் கேள்வி வேறு: துணி எதன் மேல் தொங்குகிறது? துணிக்குச் சொந்தமாக நிற்கத் தெரியாது. உடம்பில் எங்காவது ஓரிடத்தில் அது உட்கார வேண்டும். ஏ, எச், ஒய் மூன்றும் தோளில் தொங்குபவை. எக்ஸின் கீழ்ப்பாதி இடுப்பில் பிடித்து அங்கிருந்து புறப்படுவது. ஓவுக்குத் தோளும் வேண்டும், கீழே ஒரு பிடியும் வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், உடை ஏன் சொன்னபடி வரவில்லை என்பதற்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எக்ஸிலிருந்து தொடங்கலாம்; ஏனென்றால் மற்ற எழுத்துகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதோடு சண்டை போட்டு வந்தவை. 1947 பிப்ரவரி 12ஆம் தேதி, பாரிசின் அவென்யூ மோந்தேன் தெருவில் 30ஆம் எண் கட்டடத்தில் தியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். ‘நியூ லுக்’ என்று அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் கார்மல் ஸ்னோ அதற்குச் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. அதில் மிகவும் பேசப்பட்டது ‘பார்’ என்ற உடை: இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் வெளிர் நிறப் பட்டு ஜாக்கெட், அதன் கீழே கெண்டைக்கால்வரை மடிப்பு மடிப்பாக அகலும் கறுப்புக் கம்பளிப் பாவாடை. ஜாக்கெட்டின் பட்டு நாம் டஸ்ஸர் என்று சொல்லும் ரகம்.

அந்த ஒடுங்கிய இடுப்பு, போட்டவருக்கு இயல்பாக இருந்த இடுப்பல்ல. உள்ளே கச்சு கட்டி இடுப்பைக் குறைத்தார்கள். ஜாக்கெட்டின் அடிப்பகுதிக்குள் பஞ்சுத்திண்டு வைத்து இடுப்பெலும்புப் பக்கத்தை அகலமாக்கினார்கள். எக்ஸின் ரகசியம் இதுதான். நடுவை எவ்வளவு குறைத்தாலும் உடம்பு ஓரளவுக்கு மேல் இணங்காது. ஆகவே மேலேயும் கீழேயும் அகலத்தைக் கூட்டி நடுவைச் சிறிதாகக் காட்டுவதுதான் வழி. 19ஆம் நூற்றாண்டின் கிரினோலின் கூண்டுப் பாவாடையும் இதையே பெரிய அளவில் செய்தது.

அந்த எக்ஸ் 1947இல் அவ்வளவு அதிர்ச்சியைக் கிளப்பியதற்குக் காரணம் துணி. போர்க்காலத்தில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் உடைக்குக் கூப்பன் முறை இருந்தது. அது முடிந்தது 1949 மார்ச்சில்தான். அமெரிக்காவிலும் 1942இல் வந்த அரசாணை ஒன்று பெண்கள் உடையில் எவ்வளவு துணி போகலாம் என்று கட்டுப்படுத்தியது. ஆகவே போர்க்கால உடை குட்டையாக, நேராக, சதுரத் தோளோடு இருந்தது. அந்தப் பெண்களின் கண்முன்னால் பல கெஜம் துணியை ஒரே பாவாடையில் கொட்டிக் காட்டினார் தியோர். சிலர் மயங்கினார்கள், சிலர் கொதித்தார்கள். அந்த ஆண்டு அவர் அமெரிக்கா போனபோது சிகாகோவில் பெண்கள் எதிர்ப்பு அட்டைகளோடு நின்றார்கள். எக்ஸ் என்றால் பெண்மை, கொண்டாட்டம், சடங்கு என்று இன்று சொல்கிறோம். அன்று அது, எங்களிடம் துணி இருக்கிறது என்ற அறிவிப்பாகவும் இருந்தது. தியோர் நிறுவனத்துக்குப் பணம் போட்ட மார்செல் பூசாக் ஒரு பருத்தி ஆலை முதலாளி என்பதைச் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும்.

ஒரு சின்னத் திருத்தம். இடுப்பு இறுகிய உடை எல்லாம் எக்ஸ் அல்ல. இடுப்பில் ஒடுங்கி, இடுப்பெலும்புக்குக் கீழே மறுபடி உடம்போடு ஒட்டி முழங்காலில் குறுகினால் அது எட்டு. எக்ஸுக்குக் கீழ் ஓரம் அகல வேண்டும், தோளும் ஓரளவு அகலமாகத் தெரிய வேண்டும். பஃப் கையோ தோளில் சுருக்கோ இல்லாமல் குடைக் கட் பாவாடையை மட்டும் சேர்த்துத் தைத்தால், இடுப்பிலிருந்து தொடங்கும் ஏ மட்டுமே கிடைக்கும். அனார்கலியைத் தைக்கக் கொடுத்து, கண்ணாடியில் பார்க்கும்போது படத்தில் இருந்ததுபோல் இல்லையே என்று தோன்றினால் முதலில் தோளைப் பாருங்கள்.

ஏழு ஆண்டுகள் எக்ஸையும் அதன் உறவினர்களையும் விற்ற தியோரே 1954இல் எச்சைக் கொண்டுவந்தார். குறுக்குக்கோடு இடுப்பெலும்புக்கு இறங்கியது; உடல் நீளமாக, மார்பு அழுத்தமில்லாமல் தெரிந்தது. ‘தட்டை உடை’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன. மார்பையே ஒழித்துவிடப் பார்க்கிறார் என்ற அளவுக்குக் கோபம் எழுந்தது. எச் அவர் கண்டுபிடித்ததல்ல. 1920களின் ஐரோப்பிய, அமெரிக்க இளம்பெண்கள் கச்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்புக்கோட்டைக் கீழே இறக்கி, நேராகத் தொங்கும் சட்டையில் ஆடியபோதே அது வந்துவிட்டது. அப்போது அதற்குப் பொருள் விடுதலை. ஆனால் 1954இல், எக்ஸ் பழகிப்போன கண்ணுக்கு, அதே நேர்க்கோடு பெண்மையை மறுப்பதாகத் தெரிந்தது. இன்று அலுவலகம் போகும் பெண்கள் ஸ்ட்ரெயிட் கட் குர்தியைப் போட்டுக்கொள்ளும்போது இரண்டு அர்த்தமும் கிடையாது. இடுப்பைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பதே அதன் நயம். எழுத்துக்கு நிரந்தர அர்த்தம் இல்லை. நேற்று எந்த எழுத்தைப் பார்த்துப் பழகினோமோ அதோடு ஒப்பிட்டுத்தான் இன்றைய எழுத்து பேசுகிறது.

இனி வெட்டும் மேசைக்குப் போவோம். மார்பு 36, இடுப்பு 30, இடுப்பெலும்புச் சுற்று 38 அங்குலம் உள்ள ஒருவருக்குத் தோளிலிருந்து 42 அங்குல நீளத்தில் குர்தி தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள், ஒரே நீளம். எழுத்து மட்டும் மாறும்.

எச் வேண்டுமென்றால் முடிவு செய்வது மார்பு அல்ல, அகலமான இடமான இடுப்பெலும்பு. 38க்கு 3 அங்குலம் லூஸ் சேர்த்தால் 41. மார்புக்கு 39 வைத்து, பக்கத் தையலை ஏறக்குறைய நேராக இறக்கிவிடலாம். இடுப்பில் லேசாக வளைத்தால் தப்பில்லை. அதிகம் வளைத்தால் எழுத்து மாறிவிடும். இப்போது ஒரு சிக்கல். 41 அங்குலச் சுற்று கெண்டைக்கால்வரை வந்தால் எட்டி நடக்க முடியாது, பேருந்துப் படி ஏற முடியாது. அதனால்தான் நேர் குர்திக்குப் பக்கத்தில் ஓபன் விடுகிறோம். அது அழகுக்காக வந்ததல்ல, எச்சுக்குக் கால் வேண்டும் என்பதற்காக வந்தது. உட்காரும்போது இடுப்பெலும்புச் சுற்று விரியும். லூஸ் போதாவிட்டால் முழு இழுவையும் ஓபன் தொடங்கும் புள்ளியில் விழும். நேர் குர்தி முதலில் கிழிவது அங்கேதான். அந்த இடத்தில் நெருக்கமாகச் சில தையல் போட்டு உறுதி செய்யாத ரெடிமேடுகளைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். முன்பக்கத்தில் இடுப்பெலும்புக்கு நேராகக் குறுக்கே கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தாலும் அதே நோய்தான்: எச் என்று பெயர், ஆனால் உடம்பு அதை எட்டாக்கப் பார்க்கிறது.

ஏ வேண்டுமென்றால் கீழ் ஓரம் 63 அங்குலம் என்று வைப்போம். மார்பு அதே 39. இரண்டையும் நான்காகப் பிரித்தால் மேலே 9¾, கீழே 15¾. ஒவ்வொரு காலுக்கும், அதாவது முன்னும் பின்னும் ஒவ்வொரு பாதித் துண்டுக்கும், 6 அங்குலம் விரிய வேண்டும். அவசரத் தையலில் என்ன நடக்கும்? அக்குளிலிருந்து பக்கத் தையலைச் சாய்த்து, ஆறு அங்குலத்தையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். துணியை விரித்துப் போட்டால் ஏ போலவே இருக்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்: வயிற்றுக்கு முன்னால் துணி தட்டையாக ஒட்டிக் கிடக்கும், விரிவெல்லாம் இரண்டு பக்கமும் போய்த் தேங்கி நிற்கும்.

இன்னொரு தொல்லையும் அதில் ஒளிந்திருக்கிறது. அக்குளிலிருந்து ஓரம்வரை நேர் நீளம் 33 அங்குலம் என்றால், 6 அங்குலம் சாய்ந்த கோட்டின் நீளம் ஏறக்குறைய 33½. கீழ் ஓரத்தை நேர்க்கோடாக வெட்டினால் பக்கங்கள் அரை அங்குலம் அதிகமாகத் தொங்கும். மேலும் சாய்ந்த ஓரம் கிராஸ் துணி. அது தன் எடையிலேயே இழுபட்டு இன்னும் நீளும். இரண்டு சலவைக்குப் பிறகு பக்கங்களில் வால் விழும் குர்திகளின் கதை இதுதான். ஓரத்தைப் பக்கங்களில் வளைத்து மேலேற்றி வெட்டுவதும், மடித்து அடிப்பதற்கு முன் ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு நீளத்தைச் சரிபார்ப்பதும் பழைய தையல்காரர்களுக்குப் பழக்கம். ரெடிமேடு ஆலையில் அந்த ஒரு நாளுக்கு இடமில்லை.

சரியான வழி, விரிவைப் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே பங்கிடுவது. முன்துண்டில் மார்பு டாட் ஒன்று பிடிக்கிறோம் இல்லையா, அதுதான் சாவி. பக்கத் தையலில் 1 அங்குல அகலத்தில் தொடங்கி மார்பு முனைவரை 6 அங்குலம் போகும் டாட் என்று கொள்வோம். காகித மாதிரியில் கீழ் ஓரத்திலிருந்து மார்பு முனைவரை நேராகக் கத்தரித்துவிட்டு, டாட்டை மூடி ஒட்டினால் அந்த வெட்டு கீழே தானாகத் திறக்கும். எவ்வளவு? டாட் 6 அங்குலத்துக்கு 1 அங்குலம் திறக்கிற கோணம். மார்பு முனையிலிருந்து ஓரம்வரை 30 அங்குலம் என்றால் அங்கே 5 அங்குலம். டாட்டே மறைந்துவிட்டது, துணி ஒரு அங்குலம்கூட வீணாகத் துருத்தவில்லை, விரிவு மார்புக்கு நேர் கீழே வந்துவிட்டது. மீதி 1 அங்குலத்தைப் பக்கத் தையலில் கொடுத்தால் கணக்கு முடிந்தது. பின்துண்டில் மார்பு டாட் இல்லை. ஆகவே ஓரத்திலிருந்து தோள்வரை கத்தரித்துக் கீழே அதே 5 அங்குலம் விரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் முன்னால் மட்டும் விரித்தால் பக்கத் தையல் நேராக இறங்காது. கோணலாகத் திரும்பிக்கொண்டு நிற்கும். கடையில் ஏ லைனை வாங்கும்போது உடலோடு வைத்துப் பார்த்து, பக்கத் தையல் தரைக்கு நேராக இறங்குகிறதா என்று மட்டும் கவனித்தாலே, வெட்டியவர் பின்துண்டையும் நினைத்தாரா என்பது தெரிந்துவிடும்.

இப்படித் தோளிலிருந்து விழும் ஏ, இடுப்பைக் காட்டுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அதைத் தொடாமல் தாண்டிவிடுகிறது. சிறுமிகளின் கவுனிலும் இதே வடிவம் இருப்பதால் அதற்கு இளமையின் சாயல் உண்டு. 1960களில் குட்டை உடைகள் வந்தபோது அவற்றில் பெரும்பகுதி ஏவாக இருந்ததும் அதனால்தான். ஓபன் இல்லாமலே நடக்கலாம், குனியலாம், கர்ப்பிணிகள் ஏழெட்டு மாதம்வரை போடலாம். ஆனால் எளிமை எப்போதும் உண்மையல்ல. சென் லோரானின் 1958 மாலை உடைகளில் சிலவற்றில், அந்தச் சுதந்திரமான கூடாரத்துக்குள்ளே எலும்பு வைத்த கச்சு ஒளிந்திருந்தது. வெளிக்கோடு ஏ, உள்ளே இன்னும் எக்ஸ்.

அதே குர்தியை எக்ஸாக்க வேண்டுமென்றால், 39 அங்குலச் சுற்றை இடுப்பில் 33க்குக் கொண்டுவர வேண்டும். குறைக்க வேண்டிய 6 அங்குலத்தில் பாதியை முன்னும் பின்னுமாக நான்கு டாட்களில் முக்கால் முக்கால் அங்குலமாகப் பிடிக்கலாம். மறுபாதியைப் பக்கத் தையல்களில். எல்லாவற்றையும் பக்கத்திலேயே எடுத்தால் முதுகில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து கீழே குடைக் கட் பாவாடையை இணைத்து, தோளில் கொஞ்சம் அகலம் காட்டினால் எக்ஸ்.

ஒய்யைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. அது தலைகீழ் ஏ. தியோரின் 1955 ஒய்யில் மெலிந்த உடலும் ஒடுங்கிய பாவாடையும் இருக்க, பெரிய காலரும் தோளில் விரிந்த சால்வையும் மேலே கைகளை விரித்தன. ஆனால் ஒய் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1980களின் ஷோல்டர் பேட். அலுவலகத்தில் மேலிடத்துக்கு வந்த பெண்கள் ஆண்களின் கோட்டுத் தோளை எடுத்துக்கொண்ட காலம் அது. அதிகாரம் என்ற அர்த்தம் ஒய்யோடு ஒட்டிக்கொண்டது அதனால்தான். சிப்பாயின் சீருடைத் தோளும் அதே மொழியில்தான் பேசுகிறது. தொழில்நுட்பத்தில் ஒய்யின் பலவீனம் ஒன்றே: முழு எடையும் தோள் ஓரத்தில். உள்ளே பேடும் விறைப்பான கேன்வாஸும் இல்லாமல் அகலத் தோளை மட்டும் வெட்டினால், அது கைமேல் சரிந்து, பெரியவர் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டதுபோல் ஆகிவிடும்.

ஓதான் கடினமானது. காற்றை உடைக்குள் அடைத்து வைக்கும் வேலை அது. ஸ்பெயினிலிருந்து பாரிசுக்கு வந்த கிறிஸ்டோபல் பலென்சியாகா 1950களில் இதில் ஆழ்ந்தவர்: பலூன் போன்ற ஜாக்கெட், கூட்டுப்புழு போன்ற கோட்டு, 1957இல் இடுப்பே இல்லாத ‘சாக்கு’ உடை. முதுகுக்கும் துணிக்கும் நடுவே எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர் வெட்டினார் என்று சொல்லத் தோன்றும். அதற்கு ஏற்ற துணி இல்லாமல், 1958இல் சூரிச்சின் ஆப்ரகாம் என்ற பட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ‘கசார்’ என்ற விறைப்பான பட்டையே உருவாக்கினார்கள். பலூன் பாவாடையின் உள்வேலை மட்டும் எளிது: உள் லைனிங்கை வெளித்துணியைவிடச் சில அங்குலம் குட்டையாக வெட்டி, வெளித்துணியின் ஓரத்தைச் சுருக்கி லைனிங்கின் ஓரத்தோடு தைத்துவிட வேண்டும். கீழே போக வழியில்லாத துணி தன்மேலேயே மடிந்து உப்பி நிற்கும். ஓவுக்குச் சொல்லும் அர்த்தம் பாதுகாப்பு, ஒதுக்கம், வெளியாருக்கு உடம்பைச் சொல்லாமை. கோட்டில் அது கம்பீரமாக இருக்கும். மெல்லிய துணியில் அது சோர்ந்த எச்சாகச் சரிந்துவிடும்.

வெட்டு எழுத்தை எழுதினாலும் கையெழுத்து துணியுடையது. ஒரே பாவாடையை ஒரே சுருக்கு வைத்துக் காஞ்சிபுரம் பட்டில் தைத்தால் இடுப்பிலிருந்து கூம்பாக விரிந்து நிற்கும். கிரேப்பில் தைத்தால் அதே சுருக்கெல்லாம் காலோடு இறங்கி நேர்க்கோடாகிவிடும். லெஹங்காவுக்குள் கேன்கேன் வலை வைப்பது கிரேப்பையும் பட்டு மாதிரி நிற்கச் சொல்வதற்குத்தான். அண்மை ஆண்டுகளில் சேலைக்குள் நாடா வைத்த உள்பாவாடைக்குப் பதிலாக உடம்போடு ஒட்டும் ஷேப்வேர் பரவியிருக்கிறது. மேலே அதே சேலை, அதே கொசுவம். ஆனால் வெளிக்கோடு மாறிவிட்டது. பருத்தி உள்பாவாடையின் மேல் கீழே லேசாக அகன்று நின்ற ஏ, இப்போது முழங்கால்வரை ஒட்டி வருகிறது.

எழுத்துகளை உடையை விட்டு உடம்பின்மேல் ஏற்றியது பிற்கால வழக்கம். நீங்கள் ஏ உடம்பா, எச் உடம்பா, இல்லை பேரிக்காயா ஆப்பிளா என்று கேட்டு அதற்கேற்ற உடையைப் பரிந்துரைக்கும் பக்கங்கள் ஏராளம். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தியோரின் எச் எச் உடம்புக்காரிக்காக வந்ததல்ல. எந்த உடம்பையும் எச்சாகக் காட்டுவதற்காக வந்தது. வெளிக்கோடு உடையின் குணம். பேடு, டாட், விறைப்பு, விரிவு ஆகியவற்றால் அது செய்யப்படுகிறது. 38 அங்குல இடுப்பெலும்புக்காரர் ஒய் போடக் கூடாது என்று எந்தத் துணியும் சொல்லவில்லை. தோளுக்குள் எவ்வளவு கேன்வாஸ் வைக்கத் தையல்காரர் தயார் என்பதே கேள்வி.

ரெடிமேடு வாங்கிப் பிறகு ஆல்டர் செய்பவர்களுக்கு இந்த எழுத்துகளில் ஒரு படிவரிசை உதவும். துணி அதிகமுள்ள எழுத்திலிருந்து குறைந்த எழுத்துக்குப் போகலாம். திரும்பி வருவது கடினம். ஏவின் பக்கங்களைப் பிடித்து எச்சாக்கலாம், ஓபனையும் வெட்டலாம். எச்சில் டாட் பிடித்து எட்டாக்கலாம். ஆனால் எக்ஸாக்க முடியாது, கீழே விரியத் துணி இல்லை. எச்சை ஏவாக்கப் பக்கத்தில் கலி வைத்துச் செருகலாம். இரண்டு பக்கமும் மட்டும் செருகினால் முன்பு சொன்ன அதே தட்டை வயிறும் வாலும் வரும், ஆகவே முன்னும் பின்னும் சேர்த்து நான்கு இடத்திலாவது செருக வேண்டும், அதற்குத் தையல்காரர் புதுக் குர்திக்கான கூலியைக் கேட்பார். ஷோல்டர் பேடைக் கழற்றினால் ஒய் போய்விடும். ஆனால் தோள் அகலம் அப்படியே இருப்பதால் கையைப் பிரித்துத் தோளைக் குறுக்கி மறுபடி ஏற்றாமல் அது எச்சாகாது.